முப்பது போதும் என்று சொன்ன அந்த மாதம்

ஒரு டிக்கெட்டை முடிக்கச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறது? சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த சேவைக் குழுவில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இவ்வளவுதான். டிக்கெட் என்பது எங்களிடம் வரும் ஓர் உதவிக் கோரிக்கையின் பதிவு. மாதத்துக்கு ஏறக்குறைய 1,000 டிக்கெட் வரும். ஒவ்வொன்றும் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பது கணினியிலேயே பதிவாகியிருக்கும். ஆனால் அதற்காக ஒருவர் உண்மையில் உட்கார்ந்து உழைத்த நேரம் தெரிய வேண்டுமானால் டிக்கெட்டைத் திறந்து, குறிப்புகளைப் படித்து, பதிலுக்காகக் காத்திருந்த நேரத்தையெல்லாம் கழிக்க வேண்டும். ஆயிரத்தையும் அப்படிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சரி, மாதிரி எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. எத்தனை எடுப்பது என்றார்கள். மாதிரிக்கு முப்பது போதும் என்று புள்ளியியலில் பரவலாகச் சொல்வார்கள், நானும் முப்பது என்றேன். ஏன் முப்பது என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைக்கு வந்ததை எடுக்காமல், சமவாய்ப்பு எண்களைக் கொண்டுதான் டிக்கெட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். முப்பதையும் பொறுமையாகப் படித்து நேரம் குறித்தேன். சராசரி 10 நிமிடம், மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கம் 3 நிமிடம் வந்தது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது நூற்றில் 95 முறை உண்மையான சராசரியைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கும் எல்லை, 8.9 முதல் 11.1 வரை. இவ்வளவு குறுகிய இடைவெளி கிடைத்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது! ஆயிரம் டிக்கெட்டுக்கு 10,000 நிமிடம், அதாவது சுமார் 167 மணி நேரம். அதை வைத்து ஆள் ஒதுக்கினார்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 330 மணி நேரம் போயிருந்தது.

முதலில் அந்த மாதம்தான் ஏதோ வித்தியாசமான மாதம் என்று நினைத்தோம். அப்புறம் பழைய மாதத்தின் டிக்கெட்டுகளை முழுவதுமாகத் திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. நூற்றில் 98 டிக்கெட் சின்ன வேலை, பத்து நிமிடத்தை ஒட்டியது. மீதி இரண்டு, அழிந்த தரவை மீட்கும் வேலை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 500 நிமிடம் விழுங்கியிருந்தது. என் முப்பதில் அப்படி ஒன்றுகூட விழவில்லை. உண்மையான சராசரி 19.8 நிமிடம். என் இடைவெளியின் மேல் முனை 11.1-லேயே நின்றுவிட்டது.

துரதிர்ஷ்டம் என்று இதை விட்டுவிடலாமா? கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அப்படி விட முடியவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் முப்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மைய எல்லைத் தேற்றம் சொல்வது இது. மாதிரி எடுக்கும் மொத்தக் கூட்டத்தை முழுமைத்தொகுதி என்பார்கள். அதன் வடிவம் எப்படி இருந்தாலும், அதன் திட்டவிலக்கம் முடிவுள்ள எண்ணாக இருக்கும் வரை, ஒன்றையொன்று சாராமல் எடுத்த n மதிப்புகளின் சராசரி, n கூடக்கூட இயல்நிலைப் பரவலை, அதாவது அந்த மணி வடிவத்தை, நெருங்கும். 1733-இல் த மாவர் நாணயம் சுண்டும் கணக்கில் இதன் முதல் வடிவத்தைக் கண்டார். 1810-இல் லாப்லாஸ் அதைப் பொதுவாக்கினார். ‘மைய எல்லைத் தேற்றம்’ என்ற பெயர் 1920-இல் போல்யா வைத்தது. இவர்களில் யாருடைய தேற்றத்திலும் முப்பது கிடையாது. ‘n கூடக்கூட நெருங்கும்’ என்பதோடு தேற்றம் நின்றுவிடுகிறது. எவ்வளவு வேகமாக நெருங்கும் என்பது முழுமைத்தொகுதியைப் பொறுத்தது, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முப்பது வேறொரு பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட்டுக்குக் கையில் கிடைத்தவை மிகச் சிறிய மாதிரிகள். சில நேரம் நாலைந்து அளவீடுகள்தான். முழுமைத்தொகுதியின் திட்டவிலக்கம் நமக்குத் தெரியாது, அதையும் அதே சின்ன மாதிரியிலிருந்தே கணிக்க வேண்டியிருக்கிறது, அப்படியானால் சராசரியில் எவ்வளவு பிழை வரும் என்பது அவருடைய கேள்வி. ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் விடையை வெளியிட்டார். இன்று t பரவல் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்தது. சரிபார்க்க அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் அளந்து பதிவான ஒரு பட்டியல் அப்போது இருந்தது. அவற்றை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு, தன் சூத்திரம் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். கணினி இல்லாத காலத்தில் கையாலேயே செய்த சிமுலேஷன் அது.

1925-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் வெளியிட்ட புத்தகத்தில் t அட்டவணை 1 முதல் 30 வரை வரிசையாகப் போகும். அதற்கு அடுத்த வரி முடிவிலி. ஏன் அங்கே நிறுத்தலாம் என்பது எண்களைப் பார்த்தாலே தெரியும். 95 சதவீத இடைவெளிக்கு இயல்நிலைப் பரவல் கேட்கும் பெருக்கல் எண் 1.96. மாதிரி 5 என்றால் t கேட்பது 2.776. மாதிரி 30 என்றால் 2.045. வித்தியாசம் நான்கு சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கையால் கணக்குப் போட்ட காலத்தில் அந்த நான்கு சதவீதத்துக்காக இன்னொரு பக்கம் அட்டவணை அச்சிடுவதில் பயனில்லை. முப்பதுக்குக் கீழே இருந்தால் சிறு மாதிரி, மேலே இருந்தால் பெரு மாதிரி, 1.96-ஐயே போட்டுக்கொள் என்ற வழக்கம் இதோடு பொருந்திப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த அட்டவணை எந்தக் கேள்விக்குப் பதில் என்பது. திட்டவிலக்கம் தெரியாததால் வரும் தடுமாற்றம் முப்பதில் ஏறக்குறைய அடங்கிவிடும் என்கிறது அது. முழுமைத்தொகுதி ஏற்கெனவே மணி வடிவத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. மனிதர்களின் உயரமும் விரல் நீளமும் கிட்டத்தட்ட அந்த வடிவத்தில்தான் இருக்கும். தொகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சராசரி எப்போது மணி வடிவத்துக்கு வரும் என்ற கேள்வி வேறு. முதல் கேள்வியின் விடையை இரண்டாம் கேள்விக்கும் வைத்துக்கொண்டு நாம் பழகிவிட்டோம்.

பழகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பில் இந்தத் தேற்றத்தைக் காட்டப் பெரும்பாலும் பகடையை உருட்டுவார்கள். பகடை சமச்சீரானது. அதில் முப்பது வரை போகவே வேண்டாம், ஐந்தாறு பகடையின் சராசரியே அழகான மணியாகிவிடும். அந்தக் காலத்துக் கணினி நிரல்களில் ஒரு தந்திரம் இருந்தது. 0-க்கும் 1-க்கும் இடையில் சமவாய்ப்பாக 12 எண்களை எடுத்துக் கூட்டி, 6-ஐக் கழித்தால் போதும், இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்த எண்ணாக அதை வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டே போதுமானதாக இருந்தது. இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு முப்பது என்பது தாராளமான எண்ணாகத்தான் தோன்றும்.

சாய்வை அளக்க ஓர் எண் உண்டு. புள்ளியியலில் அதைக் கோட்டம் என்பார்கள். ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத் திட்டவிலக்கத்தால் வகுத்து, மும்மடியாக்கி, அவற்றின் சராசரியை எடுத்தால் கோட்டம். பகடைக்கு அது 0. வலப்பக்கம் நீண்ட வால் இருந்தால் நேர்மறை எண். இதில் அழகான ஓர் உறவு இருக்கிறது. தொகுதியின் கோட்டம் γ என்றால், n மதிப்புகளின் சராசரியுடைய கோட்டம் γ/√n. அதாவது சராசரி எடுக்கும்போது சாய்வு கரைகிறது, ஆனால் வர்க்கமூலத்தின் வேகத்தில்தான் கரைகிறது. சாய்வைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். முப்பதில் இருப்பதைப் பாதியாக்க 120, அதையும் பாதியாக்க 480.

முப்பதின் வர்க்கமூலம் கிட்டத்தட்ட ஐந்தரை. ஆக, முப்பது என்ற எண் நமக்குச் செய்துகொடுப்பது கோட்டத்தை ஐந்தரையால் வகுப்பது மட்டுமே. தொகுதியின் கோட்டம் அரை என்றால் அது ஏராளம். ஆறேழு என்றால் போதவே போதாது.

எவ்வளவு போதும் என்பதற்கு மாதிரியெடுப்புத் துறையின் பெரிய அறிஞர் வில்லியம் காக்ரன் ஒரு தோராய விதி தந்திருக்கிறார். தொகுதியின் கோட்டத்தை வர்க்கமாக்கி 25-ஆல் பெருக்குங்கள், n அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 95 சதவீதம் என்று சொல்லிக்கொண்ட இடைவெளி தவறும் வாய்ப்பு 6 சதவீதத்தைத் தாண்டாது. இந்த விதியைத் திருப்பிப் போட்டுப் பார்த்த நாளில்தான் முப்பதின் எல்லை எனக்குத் தெளிவானது. n-க்கு 30 போட்டால், கோட்டம் சுமார் 1.1-க்குள் இருக்க வேண்டும் என்று வருகிறது. அதாவது, ‘முப்பது போதும்’ என்று சொல்கிறவர் தன் தரவின் கோட்டம் 1.1-க்கு மேல் போகாது என்றும் சேர்த்தே சொல்கிறார். அடுத்தடுத்த அழைப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் போன்றவற்றுக்குப் பயன்படும் அடுக்குக்குறிப் பரவலின் கோட்டமே 2. அதற்கே 100 வேண்டும்.

இப்போது என் டிக்கெட் கணக்குக்கு வருகிறேன். கையால் போடும்படி எளிமையாக்கிக்கொள்வோம். சின்ன வேலை எல்லாம் சரியாக 10 நிமிடம், பெரிய வேலை எல்லாம் சரியாக 500 நிமிடம். பெரியது வரும் வாய்ப்பு 0.02. சராசரி 9.8-உம் 10-உம் சேர்ந்து 19.8. மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் அந்த இரண்டு சதவீத டிக்கெட்டில்தான் இருக்கிறது என்பதை இங்கேயே பார்க்கலாம்.

முப்பது எடுக்கும்போது பெரியது ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு என்ன? 0.98-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். விடை 0.545. நான் இதை மூன்று முறை சரிபார்த்தேன். நூற்றுக்கு ஐம்பத்து நான்கைந்து முறை, அதாவது பாதிக்கும் மேல், முப்பது டிக்கெட்டிலும் சின்ன வேலை மட்டுமே இருக்கும். எனக்கு நடந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் இல்லை. இந்தத் தரவில் முப்பது எடுக்கிறவருக்கு நடக்க வாய்ப்பு அதிகமுள்ள விஷயமே அதுதான்.

சரி, ஒரு பெரிய வேலை மாட்டினால்? அதற்கான வாய்ப்பு 0.33. அப்போது சராசரி 26.3 நிமிடம். திட்டப்பிழை, அதாவது மாதிரியின் திட்டவிலக்கத்தை √n-ஆல் வகுத்தது, 16.3. இடைவெளி –7.1 முதல் 59.7 வரை. உண்மையான 19.8 இதற்குள் இருக்கிறது, அதனால் ‘சரியான’ இடைவெளி என்று கணக்கில் சேரும். ஆனால் ஒரு வேலைக்கு மைனஸ் ஏழு நிமிடம் ஆகலாம் என்று சொல்லும் இடைவெளியை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? இரண்டு மாட்டினால் சராசரி 42.7, இடைவெளி இன்னும் அகலம். ஆக, மாதிரியின் சராசரி 10, 26.3, 42.7 என்று படிப்படியாகத் தாவுகிறது. இடையில் எதுவும் இல்லை. முதல் படியிலேயே பாதிக்கு மேல் குவிந்துகிடக்கும் இந்த உருவத்துக்கும் மணி வடிவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எல்லாவற்றையும் கூட்டினால், 95 சதவீதம் என்று பெயர் சூட்டிய இடைவெளி உண்மையைப் பிடிப்பது 45 சதவீத நேரம்தான். நம்ப முடியாதவர்கள் ஓட்டிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
n, N, mu = 30, 100000, 19.8
x = rng.choice([10, 500], p=[0.98, 0.02], size=(N, n))
m = x.mean(axis=1)
e = 2.045 * x.std(axis=1, ddof=1) / n**0.5
print(((m - e <= mu) & (mu <= m + e)).mean())
```

இந்தத் தொகுதியின் கோட்டம் 6.86. காக்ரன் விதிப்படி 1,176 வேண்டும். பெரிய வேலை ஒன்றாவது மாட்டும் என்று 95 சதவீதம் உறுதியாகச் சொல்வதற்கு மட்டுமே 149 டிக்கெட் தேவை. அப்போதும் சராசரி நம்பத்தக்கதாக இருக்கும் என்று அர்த்தமில்லை, பெரியது ஒன்றைக் கண்ணால் பார்த்திருப்போம், அவ்வளவுதான்.

என் உதாரணம் இரண்டே மதிப்புகள் உள்ள முரட்டு உதாரணம் என்று ஒருவர் சொல்லலாம். நியாயம்தான். மென்மையாகச் சாய்ந்த தரவில் நிலைமை இவ்வளவு மோசமாகாது. மேலே உள்ள நிரலில் x வரியை `x = rng.lognormal(0, 1, size=(N, n))` என்றும் mu-வை 1.6487 என்றும் மாற்றிப் பாருங்கள். இந்த மடக்கை-இயல்நிலைப் பரவலின் கோட்டம் 6.18. என் டிக்கெட் தரவிலிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் இடைவெளி உண்மையைப் பிடிப்பது 88 சதவீதத்தை ஒட்டி வரும். `x = rng.exponential(1, size=(N, n))` போட்டு mu-வை 1 ஆக்கினால் 93-ஐ ஒட்டி வரும். கோட்டம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதும் இதில் தெரிகிறது. சாய்வு பலரிடம் பரவியிருக்கிறதா, ஒரு சிலரிடமே குவிந்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

இங்கே நின்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, பலரும் கடந்து போய்விடுகிறார்கள். அந்த 88-இல் தவறுகிற மீதி 12 சதவீதம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிவதில்லை. தவறுகிற இடைவெளிகளில் மிகப் பெரும்பாலானவை உண்மைக்குக் கீழேயே முடிந்துவிடுகின்றன. காரணத்தை என் முப்பது டிக்கெட்டிலேயே பார்க்கலாம். பெரிய வேலை மாதிரியில் வராதபோது சராசரி குறைந்தது. அதே காரணத்தால் திட்டவிலக்கமும் குறைந்தது. தொகுதியின் உண்மையான திட்டவிலக்கம் 69 நிமிடத்துக்கு அருகில். என் மாதிரி காட்டியதோ 3. ஆக, சராசரி உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறதோ, அவ்வளவுக்கு அகலமாக இருக்க வேண்டிய இடைவெளி அதே வேளையில் ஒடுங்கிவிடுகிறது. பெரியது வந்தால் நேர்மாறு: சராசரி ஏறும், கூடவே இடைவெளியும் விரியும், அதனால் உண்மை பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். மணி வடிவத் தொகுதியில் மாதிரியின் சராசரியும் திட்டவிலக்கமும் ஒன்றையொன்று சாராதவை. t அட்டவணை அதை நம்பித்தான் எழுந்தது. சாய்ந்த தொகுதியில் இரண்டும் கைகோத்து ஏறி இறங்குகின்றன.

நேரம், செலவு, இழப்பு என்று வலப்பக்கம் சாய்ந்த எதை அளந்தாலும் இந்தப் பிழை பெரும்பாலும் ஒரே திசையில் போகும். குறைத்து மதிப்பிட்டுவிட்டு, அதை நிச்சயமாகவும் சொல்வோம். குறுகிய இடைவெளி கிடைத்ததும் நான் மகிழ்ந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் குறுகல்தான் எச்சரிக்கையாக எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

சரி, மாதிரியைப் பார்த்தே சாய்வைக் கண்டுபிடிக்க முடியாதா? ஓரளவுக்குத்தான். முப்பதையும் ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒற்றைப் புள்ளி தனியாகத் தள்ளி நின்றால், சராசரியை அது எவ்வளவு இழுக்கிறது என்று அதை நீக்கிவிட்டு ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மதிப்பை எடுத்ததும் சராசரி 26-இலிருந்து 10-க்கு விழுந்தால் முப்பது போதவில்லை என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் என் மாதிரி போல வால் முழுவதும் விடுபட்டுப்போன மாதிரியில் வரைபடமும் அழகாகத்தான் இருக்கும். என் முப்பதும் சிறிய மணி போலவே இருந்தது.

மாதிரியிலிருந்து கோட்டத்தைக் கணித்து காக்ரன் விதியில் போடலாமே என்று நானும் முயன்றேன். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. n மதிப்புகள் உள்ள எந்த மாதிரியும் காட்டக்கூடிய உச்சக் கோட்டம் (n−2)/√(n−1). முப்பதுக்கு அது 5.2. மீதி 29-உம் ஒரே மதிப்பாக இருந்து ஒன்று மட்டும் எவ்வளவு தூரம் ஓடினாலும் அதற்கு மேல் போகாது. தொகுதியின் கோட்டம் 6.86 ஆக இருக்கும்போது, முப்பது மதிப்புகள் கொண்ட எந்த மாதிரியாலும் அந்த எண்ணைக் காட்டவே முடியாது. மாதிரி போதுமா என்பதை அதே மாதிரியிடம் கேட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்லும்.

பூட்ஸ்ட்ராப் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். கையில் உள்ள முப்பதிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்து இடைவெளி போடும் முறை அது. மிதமான சாய்வுக்கு அது நிச்சயம் உதவும். ஆனால் முப்பதில் 500 நிமிட வேலை இல்லையென்றால், பத்தாயிரம் முறை திரும்ப எடுத்தாலும் அது எங்கிருந்து வரும்? மடக்கை எடுத்துச் சராசரி பார்க்கலாம் என்பது இன்னொரு யோசனை. அது கேள்வியையே மாற்றிவிடுகிறது. மேலே சொன்ன மடக்கை-இயல்நிலைப் பரவலில் மடக்கைகளின் சராசரியைத் திருப்பினால் 1 வரும், அது இடைநிலை அளவு. சராசரி 1.65. ‘சாதாரண டிக்கெட்டுக்கு எவ்வளவு நேரம்’ என்று கேட்டால் இடைநிலை அளவு நல்ல பதில். மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்றால் சராசரி இல்லாமல் முடியாது, ஏனென்றால் மொத்தம் என்பது சராசரியை எண்ணிக்கையால் பெருக்குவதுதான்.

உதவியாக இருந்தது வேறொரு கணக்கு. n மாதிரியில் ஒரு நிகழ்வு ஒருமுறைகூட வரவில்லையென்றால், அதன் விகிதம் 3/n வரை இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். மூன்றின் விதி என்பார்கள். முப்பதுக்கு அது 10 சதவீதம். அதாவது என் முப்பதைக் கொண்டு நான் நேர்மையாகச் சொல்லியிருக்கக்கூடியது இதுதான்: பத்து நிமிட வேலைகள் பெரும்பான்மை, ஆனால் நான் பார்க்காத வேறு வகை வேலை பத்தில் ஒன்று வரை இருக்கலாம். அந்த வகை 500 நிமிடம் எடுக்கும் என்று குழுவில் யாராவது சொல்லியிருந்தால், சராசரி 59 நிமிடம் வரை போகலாம் என்று அங்கேயே தெரிந்திருக்கும். 8.9 முதல் 11.1 என்று எழுதிக்கொடுத்ததை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. தரவு மீட்பு வேலை பார்க்கும் இருவர் எனக்கு இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

வால் இன்னும் கனமாக இருந்தால் தேற்றமே கைவிடும் இடமும் உண்டு. பரேட்டோ பரவலில் வாலின் அடுக்கு 2 அல்லது அதற்குக் கீழே போனால் திட்டவிலக்கம் முடிவிலியாகிவிடும். அப்போது மைய எல்லைத் தேற்றத்தின் வழக்கமான வடிவம் பொருந்தாது. முப்பதை மூவாயிரம் ஆக்கினாலும் திட்டப்பிழையை வைத்து இடைவெளி போடுவதற்கு அடிப்படை இல்லை. என் டிக்கெட்டுகள் அந்த வகை இல்லை, அவற்றுக்கு ஒரு மேல் எல்லை இருந்தது. அதனால் 1,176 எடுத்தால் சரியாகியிருக்கும். மாதத்துக்கே 1,000 டிக்கெட் வரும் இடத்தில் 1,176-ஐ எங்கே எடுப்பது என்பதுதான் சிக்கல்.

தீர்வு தொகுதியைப் பிரிப்பதில் கிடைத்தது. ஒருவர் ஒரு டிக்கெட்டில் உழைத்த நேரம், அது திறந்ததிலிருந்து மூடும் வரை ஆன நேரத்தைத் தாண்ட முடியாது. எங்களிடம் ஒரு டிக்கெட்டை ஒருவர்தான் பார்ப்பார். அந்த இரண்டு நேரமும் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன. ஆகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் திறந்து கிடந்த டிக்கெட்டுகளை மட்டும் தனியே வடிகட்டினோம். 60 வந்தன. அவற்றில் மாதிரி எடுக்காமல் அறுபதையும் திறந்து படித்தோம். நாற்பது, பதிலுக்காகச் சும்மா காத்திருந்தவை. இருபது, உண்மையிலேயே பெரிய வேலை. இந்தப் பகுதியில் மாதிரிப் பிழை என்பதே கிடையாது, ஏனென்றால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். அந்த இருபதில் மட்டும் 10,000 நிமிடம். மீதி 940 டிக்கெட்டில் எதுவும் நான்கு மணி நேரத்தைத் தாண்ட வழியில்லை. அவற்றிலிருந்து சமவாய்ப்பாக முப்பது எடுத்தேன். சராசரி 10, திட்டவிலக்கம் 3, வரைபடத்தில் சாய்வு எதுவும் இல்லை. இதே அளவில் முன்பு தவறிய அதே முப்பது, இந்தப் பகுதிக்கு உண்மையிலேயே போதுமானது.

ஆக மொத்தம் 90 டிக்கெட் படித்தோம். மாதத்துக்கு 330 மணி நேரம், கூடினாலும் குறைந்தாலும் 18 மணி நேரம் என்று எழுதிக்கொடுத்தேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: இதில் 167 மணி நேரம் 20 டிக்கெட்டிலிருந்து வருகிறது, அந்த இருபது அடுத்த மாதம் இருபத்தைந்து ஆனால் 42 மணி நேரம் கூடும்.